இரண்டு தெருவுக்கும் மேட்ச் வைப்பதற்கு முன்

கேள்வி: எங்கள் ஊரில் மேலத்தெருப் பையன்களுக்கும் கீழத்தெருப் பையன்களுக்கும் ரொம்ப நாளாக ஆகாது. போன வருஷம் திருவிழாவில் மைக் செட் விஷயத்தில் ஆரம்பித்து கைகலப்பு வரை போய்விட்டது. இந்தப் பொங்கலுக்கு இரண்டு தெருவுக்கும் கிரிக்கெட் மேட்ச் வைத்தால் பழகி ஒன்றாகிவிடுவார்கள் என்று இளைஞர் மன்றத்தில் சொல்கிறார்கள். உண்மையிலேயே பலன் இருக்குமா? இதைப் பற்றி ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா?

பதில்:

யார் யாரோடு ஒரே டீமில் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மேலத்தெரு ஒரு டீம், கீழத்தெரு ஒரு டீம் என்றுதான் வைப்பீர்கள் என்றால் தயவுசெய்து வைக்காதீர்கள், இருக்கிற பகைக்கு ஸ்கோர் போர்டு மாட்டிய கதையாகிவிடும். இரண்டு தெருப் பையன்களையும் கலந்து டீம் பிரித்து, ஒரே நாளில் முடிக்காமல் சில வாரங்கள் ஆட வைக்க முடியும் என்றால் பலன் உண்டு. அந்தப் பலனுக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்கிறேன்.

ஆராய்ச்சி நிறையவே இருக்கிறது. அதில் ஒன்று கிரிக்கெட்டை வைத்தே, நம் நாட்டிலேயே, வெவ்வேறு சாதி இளைஞர்களுக்கு இடையே செய்தது. ஆனால் அதற்கு முன்பு 1954-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கோடை முகாமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் மன்றத்தில் சொல்லும் யோசனையை அங்கே கிட்டத்தட்ட அப்படியே நடத்திப் பார்த்தார்கள், என்ன ஆனது என்பதை மணிக்கு மணி எழுதியும் வைத்தார்கள்.

முசாஃபர் ஷெரிஃப் என்று ஒரு சமூக உளவியலாளர். துருக்கியில் பிறந்தவர், முதல் உலகப் போர் முடிந்த கையோடு கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் நடந்த வெட்டுக்குத்தைச் சிறு வயதில் கண்ணால் பார்த்தவர். நேற்று வரை பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தவன் எப்படி எதிரியாகிறான் என்ற கேள்வி அவரை விடவே இல்லை. அமெரிக்காவுக்குப் போன பிறகு, ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற மலைக்காட்டுப் பூங்காவில் 22 பையன்களை வைத்து மூன்று வார முகாம் ஒன்று நடத்தினார். பையன்களைப் பொறுத்தவரை அது சாதாரண சம்மர் கேம்ப்தான். உடன் இருந்த பொறுப்பாளர்கள் எல்லாரும் ஆய்வாளர்கள் என்பதும், அங்கே இங்கே எதையாவது சரிசெய்துகொண்டு திரிந்த பராமரிப்பு ஆள்தான் ஷெரிஃப் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

பையன்களைத் தேர்ந்தெடுத்த விதம்தான் இதில் முக்கியம். எல்லாருக்கும் வயது 11 சுமார், எல்லாரும் வெள்ளையர், ஒரே மதப் பிரிவு, நடுத்தரக் குடும்பம், சுமாராகவோ நன்றாகவோ படிப்பவர்கள், ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததில்லை, அடிதடிக்காரன் என்று பேர் வாங்கிய பையன் ஒருத்தன்கூட கிடையாது. பகைக்கு என்று ஒரு காரணமும் இல்லாதபடி சலித்துச் சலித்து எடுத்திருந்தார். இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டு பஸ்ஸில் கொண்டுவந்து, தூரத்தூரமான இரண்டு குடில்களில் தங்க வைத்தார்கள். முதல் வாரம் முழுக்க இன்னொரு குழு இருப்பதே தெரியாமல் நீந்தினார்கள், சமைத்தார்கள், கூடாரம் போட்டார்கள். தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள், ஒரு குழு 'ராட்லர்ஸ்', அதாவது ஒரு வகை விஷப் பாம்பு, மற்றது 'ஈகிள்ஸ்', கழுகுகள். பாம்புக் குழுவில் அடிபட்டால் அழக் கூடாது, கெட்ட வார்த்தை பேசுவது வீரம். கழுகுக் குழுவில் கெட்ட வார்த்தை கூடாது, ஆட்டத்துக்கு முன் ஜெபம் உண்டு. பாருங்கள், ஒரே மாதிரிப் பையன்கள்தான், ஒரு வாரத்தில் இரண்டு 'கலாச்சாரம்' வந்துவிட்டது.

வார முடிவில் தூரத்து மைதானத்தில் வேறு பையன்கள் ஆடும் சத்தம் கேட்டதுமே 'நம்ம கிரவுண்டில் யார்டா அது' என்கிற மாதிரிப் பேச்சு வந்துவிட்டது. முகம்கூடப் பார்க்கவில்லை அப்போது.

இரண்டாவது வாரம் போட்டி வைத்தார்கள். பேஸ்பால், கயிறு இழுத்தல், கூடாரம் போடுதல் என்று வரிசையாக, புள்ளிக் கணக்கோடு. ஜெயிக்கும் குழுவுக்குக் கோப்பை, பதக்கம், ஆளுக்கொரு மடக்குக் கத்தி. தோற்ற குழுவுக்கு ஒன்றும் கிடையாது. ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்குதான், ஆட்டம் முடிந்ததும் 'நல்லா ஆடினீங்க' என்றுகூடச் சொல்லிக்கொண்டார்கள். முதல் நாள் தோற்ற கழுகுகள் போகிற வழியில் மைதானத்தில் இருந்த பாம்புகளின் கொடியைப் பார்த்தார்கள், பிடுங்கிக் கொளுத்திவிட்டார்கள். மறுநாள் பதிலுக்கு இவர்கள் கொடி எரிந்தது. அப்புறம் இரவில் குடிலுக்குள் புகுந்து கட்டிலைக் கவிழ்ப்பது, ஒருவன் ஜீன்ஸைத் தூக்கிவந்து அதில் கேலியாக எழுதிக் கொடி மாதிரிப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவது, சாக்ஸுக்குள் கல்லைப் போட்டுத் தயாராக வைத்துக்கொள்வது என்று போனது. கடைசியில் கழுகுகள் கோப்பையை ஜெயித்தார்கள், பாம்புகள் அவர்கள் குடிலுக்குள் புகுந்து பதக்கத்தையும் கத்திகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெரியவர்கள் நடுவில் புகுந்து பிரித்துவிட வேண்டியதாயிற்று. எல்லாம் ஒரு வாரத்துக்குள்.

இந்த இடத்தில் ஷெரிஃப் குழு ஒரு சின்ன விளையாட்டு நடத்தியது, எனக்கு இந்த முழு ஆய்விலும் பிடித்த பகுதி இதுதான். தரையில் பீன்ஸ் விதைகளைக் கொட்டி, குறிப்பிட்ட நேரத்துக்குள் பொறுக்கச் சொன்னார்கள். அப்புறம் ஒவ்வொருவன் பொறுக்கியதையும் திரையில் காட்டி, எத்தனை இருக்கும் என்று எல்லாரையும் மதிப்பிடச் சொன்னார்கள். தங்கள் ஆள் பொறுக்கியது என்றால் நிறையத் தெரிந்தது, எதிராளி பொறுக்கியது என்றால் குறைவாகத் தெரிந்தது. உண்மையில் திரையில் ஒவ்வொரு முறையும் காட்டியது அதே 35 விதைகள்! உங்கள் மேட்சில் அம்பயர் கொடுக்கும் ரன் அவுட்டை இரண்டு தெருவும் எப்படிப் பார்க்கும் என்று இதை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் பொய் சொல்வதில்லை, அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

சரி, பகை வந்தாயிற்று. அதை எப்படித் தணிப்பது என்பது மூன்றாவது வாரம். முதலில் உங்கள் மன்றத்தார் சொல்லும் 'பழகினால் சரியாகிவிடும்' என்பதை அப்படியே செய்து பார்த்தார்கள். ஒரே கூடத்தில் சாப்பாடு, ஒன்றாக உட்கார்ந்து படம் பார்ப்பது, ஜூலை 4 சுதந்திர தினத்துக்குச் சேர்ந்து பட்டாசு வெடிப்பது என்று ஏழு தடவை இரண்டு குழுவையும் ஓரிடத்தில் சேர்த்தார்கள். தள்ளித்தள்ளி உட்கார்ந்தார்கள், சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். வரிசையில் எதிர்க் குழு முன்னால் போனால் 'பெண்கள் முதலில் போகட்டும்' என்று நக்கல் அடித்தார்கள். சும்மா பக்கத்தில் உட்கார வைத்தது சண்டைக்கு இன்னொரு இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் ஷெரிஃப் உத்தியை மாற்றினார். இரண்டு குழுவுக்கும் தேவையான, ஆனால் ஒரு குழு தனியாக முடிக்க முடியாத வேலைகளாகப் பார்த்து உண்டாக்கினார். முதலில் தண்ணீர். மலைமேல் இருந்த தொட்டியிலிருந்து குழாயில் முகாமுக்குத் தண்ணீர் வரும், ஒரு நாள் அது நின்றுபோனது (ஆய்வாளர்களே நிறுத்தியிருந்தார்கள்). குழாய் நெடுக எங்கே கோளாறு என்று தேட ஆள் வேண்டும். பையன்கள் பிரிந்து பிரிந்து தேடிக்கொண்டே போய்க் கடைசியில் எல்லாரும் தொட்டியடியில் வந்து சேர்ந்தார்கள். தொட்டிக் குழாயின் வாயில் சாக்குத் துணி அடைத்திருந்தது. எல்லாருக்கும் தாகம். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஆளுக்கொரு யோசனை சொல்லி, மாற்றி மாற்றி நோண்டி எடுத்தார்கள். தண்ணீர் வந்ததும் பாம்புகள் கழுகுகளை முதலில் குடிக்க விட்டார்கள், ஏனென்றால் கழுகுகளிடம் தண்ணீர்க் குடுவை இல்லை, அவர்களுக்குத்தான் தாகம் அதிகம். 'பெண்கள் முதலில்' என்று யாரும் சொல்லவில்லை.

இதோடு மனம் மாறிவிட்டது என்று நினைத்தால் தப்பு. அன்று இரவுச் சாப்பாட்டிலேயே திரும்பவும் எறிதலும் திட்டலும். ஆகவே இன்னொன்று, பிறகு இன்னொன்று. படம் வாடகைக்கு எடுக்கப் பணம் பத்தாது என்றார்கள், இரண்டு குழுவும் பங்கு போட்டுக் கொடுத்தன. முகாமுக்கு வெளியே போயிருந்தபோது சாப்பாடு வாங்கப் போக வேண்டிய லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. பையன்கள் ஒரு கயிற்றை எடுத்து வந்தார்கள், போன வாரம் ஒருவரை எதிர்த்து ஒருவர் இழுத்த அதே கயிறு. பம்பரில் மாட்டி இரண்டு முனையையும் பிடித்து லாரியை இழுத்தார்கள். முதல் தடவை ஒரு முனையில் பாம்புகள், மறு முனையில் கழுகுகள். பிற்பாடு திரும்ப இழுக்க வேண்டி வந்தபோது யார் எந்த முனை என்ற கணக்கே இல்லாமல் கலந்து நின்றார்கள். என்னைக் கேட்டால் முழு அறிக்கையிலும் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

எண்ணிக்கையாகவும் அளந்தார்கள். உன் நண்பர்கள் யார் யார் என்று ஒவ்வொருவனையும் தனியாகக் கேட்டார்கள். போட்டி முடிந்த சமயத்தில் இரண்டு பக்கமும் சொன்ன பெயர்களில் எதிர்க் குழுவினர் 100-க்கு 6, 7 பேர்தான். மூன்றாவது வார முடிவில் பாம்புகள் சொன்ன பெயர்களில் 36, கழுகுகள் சொன்னதில் 23. ஊருக்குத் திரும்பும்போது ஒரே பஸ்ஸில் போகலாம் என்று அவர்களே கேட்டார்கள். வழியில் நிறுத்திய இடத்தில், பாம்புகள் ஒரு போட்டியில் ஜெயித்து வைத்திருந்த 5 டாலரை எடுத்து எல்லாருக்கும் பானம் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் 36-ம் 23-ம் பாதியைக்கூடத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். பகை போயிற்று, குழு போகவில்லை.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு முந்தைய வருஷம், 1953-இல், ஷெரிஃப் நியூயார்க் மாநிலத்தில் இதே மாதிரி ஒரு முகாம் நடத்தித் தோற்றுப்போனார். அங்கே பையன்களை முதலில் எல்லாரையும் ஒன்றாகப் பழக விட்டுவிட்டு, பிறகுதான் இரண்டாகப் பிரித்தார்கள். எவ்வளவு சீண்டிவிட்டும் சரியான சண்டை வரவில்லை. யாரோ வேண்டுமென்றே சிண்டு முடிகிறார்கள் என்று பையன்களுக்குச் சந்தேகம் வந்து, அது பெரியவர்கள் பக்கமே திரும்பிவிட்டது. கடைசியில் பாதியில் மூட்டை கட்டினார்கள். ராபர்ஸ் கேவில் முதல் வாரம் தனித்தனியாக வைத்ததற்கு இந்தப் பாடம்தான் காரணம். அதாவது பகை தானாக முளைத்தது என்று சொல்ல முடியாது, பெரியவர்கள் வரப்பு கட்டித் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள். இதை ஆய்வின் குறையாகச் சொல்வார்கள், குறைதான். ஆனால் உங்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: பிரிப்பதற்கு முன்பே நட்பான பையன்களைப் பிரித்துச் சண்டை மூட்டுவது கஷ்டம். உங்கள் ஊரில் மேலத்தெருவும் கீழத்தெருவும் சேர்ந்து படிக்கிற ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 1949-இல் நடத்திய முகாமில் ஷெரிஃப் ஒரு குறுக்குவழியும் செய்து பார்த்தார். இரண்டு குழுவையும் சேர்த்து ஒரு டீமாக்கி, வெளியூர் டீமோடு மோத விட்டார். இரண்டும் ஒன்றாகத்தான் நின்றன. ஆனால் அதை அவரே நல்ல வழியாக எடுத்துக்கொள்ளவில்லை, எதிரியை இடம் மாற்றியதுதான் மிச்சம் என்பதால். பக்கத்து ஊர் டீமை அழைத்து 'நம்ம ஊர்' உணர்ச்சியைக் கிளப்பலாம் என்று உங்கள் மன்றத்தில் யாராவது சொன்னால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

கிரிக்கெட்டுக்கு வருவோம். மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப்பிரதேச கிராமங்களில் ஒவ்வொன்றும் ஒரு மாதம் நடக்கிற மாதிரி 8 கிரிக்கெட் லீக்குகள் நடத்தினார். பேர் கொடுத்த 1,261 இளைஞர்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். சிலருக்கு ஆட இடமே இல்லை, அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. ஆடக் கிடைத்தவர்களில் சிலர் தன் சாதிப் பிரிவினர் மட்டுமே உள்ள டீமில், மற்றவர்கள் கலப்பு டீமில். யாருக்கு எதிராக ஆடுவது என்பதும் சீட்டுதான். இதனால் ஒன்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது: மாற்றுச் சாதிக்காரனோடு ஒரே டீமில் ஆடினால் என்ன ஆகிறது, மாற்றுச் சாதிக்காரனை எதிர்த்து ஆடினால் என்ன ஆகிறது. 2021-இல் வெளியான முடிவு இதுதான். ஒரே டீமில் ஆடியவர்களுக்கு மாற்றுச் சாதியில் நண்பர்கள் கூடினார்கள், கிரிக்கெட் பரிசு யாருக்கு என்று வோட்டுப் போடும்போது தன் சாதிக்காரனுக்கே போடுவது குறைந்தது. எதிர்த்து ஆடியதன் விளைவு பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, மாற்றுச் சாதியினரோடு பழகுவது குறைந்தது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் லீக் நடத்தியது நல்லதுதான் என்று வந்தது, ஆனால் அந்த நல்லது வந்த வழி கலப்பு டீம்.

ஒரே மைதானம், ஒரே பந்து, ஒரே வெயில். முதுகில் தட்டிக்கொடுக்கும் கை யாருடையது என்பதில்தான் வித்தியாசம்.

நானே ஒரு காலத்தில் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் இரண்டு ஹாஸ்டல்களுக்கு நடுவே உரசல் இருந்தது, 'நட்புறவு' வாலிபால் என்று பேனர் எல்லாம் கட்டி நடத்தினோம். மூன்றாவது செட்டில் பந்து கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று ஒரு தகராறு. லைனில் நின்ற பையன் ஒரு ஹாஸ்டல்காரன், வேறு ஆள் போடத் தோன்றவில்லை எங்களுக்கு. அந்த செமஸ்டர் முடியும் வரை மெஸ்ஸில் இரண்டு ஹாஸ்டலும் எதிரெதிர் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அதற்கு முன்பு அப்படி உட்கார்ந்ததில்லை. பேனரை மட்டும் பத்திரமாக மடித்து வைத்தோம்.

இப்போது எல்லை. சல்மா மூசா என்ற ஆய்வாளர் இராக்கில் கால்பந்தை வைத்து இதைச் செய்தார். 2014-இல் ஐ.எஸ். அமைப்பு துரத்தியதில் ஊரை விட்டு ஓடிய கிறிஸ்தவர்களின் உள்ளூர் டீம்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சில புது ஆட்களைச் சேர்க்கச் சொன்னார். சில டீம்களுக்குக் கிடைத்தவர்கள் கிறிஸ்தவர்கள், சில டீம்களுக்கு முஸ்லிம்கள். யாருக்கு யார் என்பது இங்கேயும் குலுக்கல்தான். இரண்டு மாத லீக். முஸ்லிம்களோடு ஆடிய கிறிஸ்தவர்கள் அடுத்த சீசனுக்கும் கலப்பு டீமில் பேர் கொடுத்தார்கள், வேறு டீமில் இருந்த முஸ்லிம் வீரருக்கு நல்லாட்டப் பரிசுக்கு வோட்டுப் போட்டார்கள், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் சேர்ந்து பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மொசூல் நகரத்து ஹோட்டலுக்குக் கூப்பன் கொடுத்தால் போவார்களா? அதில் அவர்களுக்கும் மற்ற டீம்காரர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு சமூகமும் கலந்துகொள்ளும் விருந்துக்குக் கூப்பிட்டபோதும் அப்படித்தான். மைதானத்தில் வந்த நட்பு மைதானத்துக்குள்ளேயே நன்றாக வளர்ந்தது, தெருவுக்கு அவ்வளவாகப் போகவில்லை. 'அகமது நல்லவன்' என்பது வரும், 'அவர்கள் நல்லவர்கள்' என்பது அவ்வளவு சுலபமாக வராது. ஆகவே மேட்ச் நன்றாக நடந்துவிட்டால் அடுத்த திருவிழாவும் அமைதியாகிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள், இரண்டும் வேறு வேறு வேலை.

இதைவிடச் சங்கடமான ஒன்றையும் கேட்டாக வேண்டும். 'தெரு' என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் தெருவா, நம் ஊர்களில் பெரும்பாலும் இருப்பது மாதிரித் தெரு என்ற பேரில் இருக்கும் சாதியா? தெருதான் என்றால் மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும், இரண்டு பக்கமும் சமம். சாதி என்றால், ஒரு தெருப் பையன் பேட் பிடிக்கும்போது மற்றத் தெருப் பையன் எப்போதும் பந்து பொறுக்கப் போகிறானா, ஒரு தெருவுக்கு டீக்கடையில் வேறு மரியாதையா, அடிபட்டவன் போலீஸில் கொடுத்த புகார் என்ன ஆனது என்பதெல்லாம் முதலில் வரும். 1954-இலேயே கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் பழக்கம் பகையைக் குறைக்க வேண்டுமென்றால் சில நிபந்தனைகள் வேண்டும் என்று எழுதினார். அதில் முதலாவது, சேர்ந்திருக்கும் அந்த நேரத்திலாவது இரு தரப்பும் சமமாக இருக்க வேண்டும் என்பது.

2009-இல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. சோதனைக்கூடத்தில் இரண்டு குழு அமைத்து, ஒரு குழுவின் கையில் மதிப்பெண்ணைப் பங்கு போட்டுக் கொடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். சிலரை இரு தரப்புக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பற்றி இனிமையாகப் பேசச் சொன்னார்கள், சிலரை வேற்றுமைகளைப் பற்றி. இனிமையாகப் பேசிய பிறகு அதிகாரம் இல்லாத குழு, பங்கு நியாயமாக வரும் என்று நம்ப ஆரம்பித்தது. அதிகாரம் உள்ள குழு பங்கு போட்டபோது நியாயம் ஒன்றும் கூடவில்லை. ஒரு தரப்புக்கு நிஜமான குறை இருக்கும்போது மேட்ச் வைத்துக் கைகுலுக்க வைத்தால் குறை அப்படியே இருக்கும், அதைக் கேட்கிற வாய்தான் அடைபடும். அந்த மாதிரி இருந்தால் முதலில் புகாருக்குப் பதில், அப்புறம் கிரிக்கெட்.

தெருச் சண்டைதான் என்று வைத்துக்கொண்டு, உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

பொங்கலுக்கு ஒரே நாளில் 'ஃபைனல்' என்பதை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய நான்கைந்து வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன லீக் வைப்பேன். டீமுக்கு ஆறு அல்லது எட்டுப் பேர், இரண்டு தெருவிலிருந்தும் சரிபாதி. கேப்டன்கள் ஆள் பிரித்தாலும் 'சாட் பூட் த்ரீ' போட்டாலும் சிநேகிதர்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள், அதனால் தெருவுக்கு ஒரு டப்பா வைத்து எல்லார் முன்னாலும் சீட்டு எடுக்க வேண்டும். எட்டுப் பேர் டீமில் ஒரு தெருக்காரன் ஒருத்தன் மட்டும் மாட்டிக்கொண்டால் அவன் பாடு திண்டாட்டம், இரண்டாவது ஞாயிறே வர மாட்டான். டீமுக்கு 'சிங்கம்', 'புலி', 'கரிகாலன்' என்று பேரை அவர்களே வைக்கட்டும், தெருவோ தலைவரோ நடிகரோ பேரில் வர வேண்டாம். சட்டை ஒரே நிறம். ஓப்பனிங் இறங்கும் இரண்டு பேரும் வேறு வேறு தெருவாக இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி போட்டால் போதும், ரன் ஓட ஒருவனை ஒருவன் பார்த்துக் கத்தித்தானே ஆக வேண்டும். அம்பயர் வெளியூர்.

சேர்ந்து ஆடுவதைவிடச் சேர்ந்து மைதானத்தைத் தயார் செய்வது முக்கியம் என்று நினைக்கிறேன். ராபர்ஸ் கேவில் வேலை செய்தது ஆட்டம் இல்லை, தண்ணீர்த் தொட்டியும் லாரியும்தான். மழையில் குழி விழுந்த பொது மைதானம் இருக்கிறதா? மண் அடித்து, பிட்சுக்கு ரோலர் ஓட்டி, பஞ்சாயத்தில் விளக்குக் கேட்டு நடப்பது ஒரு தெருவால் ஆகாத காரியமாக இருந்தால் அதுதான் உங்கள் லாரி. பொய்யாக ஒன்றை உண்டாக்காதீர்கள், பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், 1953 மாதிரி எல்லாக் கோபமும் மன்றத்தின் மேல் திரும்பும். ஒரு தெரு தனியாகவே வசூல் பண்ணி முடித்துவிட முடியும் என்றாலும் அது உதவாது, 'நாங்கதான் செஞ்சோம்' என்ற பேச்சுக்குத்தான் ஆகும். வசூல் நோட்டில் இரண்டு தெருக்காரர் கையெழுத்தும் வேண்டும், பணம் போகிற இடத்தில்தான் முதல் சந்தேகம் கிளம்பும்.

இன்னொரு எச்சரிக்கை, சேர்ந்து செய்த காரியம் தோற்றுப்போனால் பழி எதிர்த் தெரு மேல்தான் விழும். எடுத்த எடுப்பில் பெரிய திட்டம் வேண்டாம், முடிகிற மாதிரிச் சின்னதாக ஒன்று, அது முடிந்தபின் அடுத்தது.

பலன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஷெரிஃப் செய்ததையே செய்யலாம். லீக் ஆரம்பிக்கும் முன்னும் முடிந்து ஒரு மாதம் கழித்தும் ஒவ்வொரு பையனையும் தனியாகக் கூப்பிட்டு, ஐந்து சிநேகிதன் பேர் எழுது என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுங்கள். எதிர்த் தெருப் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், பேரை வெளியே சொல்லாதீர்கள். அதுகூட வேண்டாம் என்றால் மேட்ச் முடிந்து டீ குடிக்கும்போது யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று தூரத்திலிருந்து பாருங்கள். டீமாக நின்றால் நல்லது, தெருவாகப் பிரிந்து நின்றால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. நோ பால் தகராறு வரும், வராமல் இருக்காது. அப்போது கத்துகிறவர்கள் டீம் வாரியாகக் கத்துகிறார்களா தெரு வாரியாகவா என்று கவனியுங்கள். டீம் வாரியாகக் கத்தினால் நான் சந்தோஷப்படுவேன்.

அப்புறம் அந்த மைக் செட். அது ஆடித் தீர்கிற விஷயம் இல்லை. எந்தத் தெருவில் எந்த நாள், ராத்திரி எத்தனை மணி வரை, குழாய் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்பதைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே இரண்டு தெருப் பெரியவர்களையும் உட்கார வைத்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். மைக் செட்காரரிடமும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள், கடைசியில் சுவிட்ச் அவர் கையில்தான் இருக்கிறது.